இருபது என்று எழுதிய கை

என் மகனே,

எப்போதும் உன் சுகத்தை விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்குவேன். இன்றைக்கு விசாரிக்கவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். ரயிலேறி நான்கு நாள் ஆகிறது, இதற்குள் மதராஸ் ஆஸ்பத்திரியில் மறுபடி வேலைக்குத் திரும்பியிருப்பாய், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நடந்துகொண்டிருப்பாய். நான் இங்கே ஆரியசாலை வீட்டில், நீ உட்கார்ந்து தோசை தின்ற அதே மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு உன்மேல் கோபம். உன்னை வழியனுப்பியபோது நான் அழுததைப் பார்த்து, அம்மா பிரிவைத் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தாய். பிரிவும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கோபத்தில் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்காது. உன் சித்தப்பா கேட்டார், ஒரு ராத்திரியில் எண்பது நோயாளியை எப்படியடா பார்க்கிறாய் என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "சார்ட்டைப் பார்த்து ஒப்புப் போட வேண்டியதுதான் சித்தப்பா. நர்ஸுமார் எழுதி வெச்சிருப்பாங்க. சூடு, நாடி, மூச்சு. மூச்சு எல்லாருக்கும் இருபதுதான். அதை யாரு உக்காந்து எண்ணுவா?" சித்தப்பாவும் சிரித்தார். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அந்த இருபதை உனக்கு முன்னால் எழுதியவள் நான். அதைக் கேட்டு உன் கன்னத்தில் ஒன்று வைக்க எனக்குத்தான் முதல் உரிமை, எனக்குத்தான் அந்த உரிமை கொஞ்சமும் இல்லை. ஆகையால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. நீ ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் இந்தத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் வார்டில் நர்ஸ். அந்த மாதம் முழுக்க எனக்கு ராத்திரி டியூட்டி. எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் வாயில் தெர்மாமீட்டரை வைப்போம், நாடியை அரை நிமிடம் பிடித்து இரட்டிப்போம், மூச்சு என்ற கட்டத்தில் இருபது என்று எழுதுவோம். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. முந்தின நாள் எழுதினவள் இருபது எழுதியிருப்பாள், அடுத்தவள் பார்த்து எழுதுவாள். செத்துப்போன மனிதனுக்குக்கூட செத்த நேரத்துக்குப் பிறகு இருபது எழுதிய சார்ட் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைக் காட்டிச் சிரித்தோம், திருந்தவில்லை.

ஒருநாள் சாயங்காலம், நான் டியூட்டிக்கு வந்து சேரும்போதே, மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் ஒரு விவசாயியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பெயர் தங்கையன். ஐம்பது வயது இருக்கும். கூட அவர் மனைவி பாக்கியம் மட்டும். நம் ஊர்ப்பேச்சு. வாசலில் இருந்த டாக்டர் தங்கையன் கிட்டப் போனதும், ஆளிடம் சாராய வாடை அடித்தது. ஆள் என்னமோ உளறிக்கொண்டிருந்தார். வாயில் வைத்த தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது காட்டியது. குடிபோதை, நாளைக் காலையில் பார்த்து அனுப்பலாம் என்று சீட்டில் எழுதி, கட்டில்கூடக் கொடுக்காமல் வராந்தாவில் பாயில் படுக்கப் போட்டார்கள். பாக்கியம் என் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரி என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரே, எங்க ஆளு குடிக்கமாட்டாரு. சபையில விசாரிச்சுப் பாருங்க. ஓர்மை இல்லாம பேசுதாரு, அவ்வளவுதான்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாவ. வாடை அடிக்குல்லா?" என்றேன்.

மகனே, அந்த 'வாடை அடிக்குல்லா'வை நான் எவ்வளவு நக்கலாகச் சொன்னேன் என்று இந்தக் காகிதத்தில் காட்ட முடியாது. பிறகு சார்ட்டை எடுத்தேன். சூடு தொண்ணூற்றொன்பது. நாடி நூற்றுப் பன்னிரண்டு. மூச்சு இருபது. அவர் நெஞ்சை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு சின்ன டாக்டர் சுற்றி வந்தார். சிவராமன் என்று பெயர், கரமனை அக்ரகாரத்துப் பையன், படிப்பு முடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. உனக்கு இப்போது என்ன வயதோ அதே வயது. நாங்கள் நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் அவரைக் கேலி செய்வோம், ஒரு நோயாளியிடம் கால் மணி நேரம் நிற்கிறார் என்று. வராந்தாவைக் கடந்துபோனவர் நின்றார். தங்கையனைத் தொடவில்லை. கால்மாட்டில் நின்று வெறுமனே பார்த்தார்.

"சிஸ்டர், இவருக்கு மூச்சு எவ்வளவு எழுதியிருக்கேள்?"

"இருபது, டாக்டர்."

அவர் குந்தி உட்கார்ந்து, நாடி பார்க்கிறவர்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் வயிற்றின்மேல் இருந்தது. மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால்தான் அப்படி. கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம். பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு நிமிடம். எழுந்து, என்னிடமிருந்து பேனாவை வாங்கி, என் இருபதை அடிக்காமல் அதற்குக் கீழே நாற்பத்தெட்டு என்று எழுதினார்.

டார்ச்சை அடித்துக் காட்டினார். அப்போதுதான் நான் அந்த மனிதரைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கின் இரண்டு ஓரமும் விரிந்து விரிந்து சுருங்கின. இரண்டு வார்த்தை பேசுவார், மூச்சு வாங்குவார், அடுத்த இரண்டு வார்த்தை. உதட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்திருந்தன. வலது பக்கத்து விலா அசையவே இல்லை, இடது பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. டாக்டர் குனிந்து அவர் வாயருகே முகர்ந்தார், பிறகு மார்பருகே முகர்ந்தார்.

"சாராயம் மாரிலன்னா மணக்கறது. வாயில இல்லையே. மாமி, மாருல என்ன தடவினேள்?"

பாக்கியம் பயந்துபோய்ச் சொன்னாள். "கற்பூரத்தைச் சாராயத்துல கரச்சுத் தேச்சு விட்டேன் சாமி. மூணு நாளைக்கு மின்ன வயல்ல நடவுக்கு நிக்கும்போ ஒரு வெறயல் வந்துது. அரை மணிக்கூறு பல்லெல்லாம் கிட்டிச்சு. பெறகு வலத்து விலாவுல குத்து. மூச்சு இழுத்தா குத்துது, இருமினா குத்துதுன்னாரு. நேத்து ராத்திரியிலேருந்துதான் ஓர்மை தப்பிப் பேசுதாரு."

"துப்பினது ஏதாவது இருக்கா?"

அவள் மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். துருப்பிடித்த ஆணியின் நிறத்தில் கோழை, பசையாக ஒட்டியிருந்தது. என்னிடம் நீட்டத்தான் அதைச் சாயங்காலத்திலிருந்து மடியில் வைத்திருந்திருக்கிறாள். நான்தான் பேச விடவில்லை.

டாக்டர் தங்கையன் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டினார். இடது பக்கம் காலிப் பெட்டி போலக் கேட்டது, வலது பக்கம் கீழே கட்டையைத் தட்டியது போல. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒண்ணு, ஒண்ணு என்று சொல்லச் சொன்னார். வலது பக்கம் குரல் காதுக்குள்ளேயே பேசுகிறது என்று என்னையும் கேட்க வைத்தார். காற்று நிறைந்திருக்க வேண்டிய நுரையீரல் ஈரல்போலக் கெட்டிப்பட்டுவிட்டால் குரல் அப்படித்தான் வரும் என்றார். இடது பக்கத்து அடியிலும் நறநறவென்று சத்தம் தொடங்கியிருந்தது. நாடி நூற்று முப்பது. ரத்த அழுத்தம் மேலே எண்பத்தாறு. வாயால் மூச்சு வாங்குகிறவன் வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் அது காற்றின் குளிர்ச்சியைத்தான் காட்டும் என்று சொல்லி, ஆசனவாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நூற்று மூன்றரை.

"இது வெறும் நிமோனியா இல்லை சிஸ்டர். மூச்சு நாப்பதுக்கு மேல, அழுத்தம் எறங்கிடுத்து, புத்தி கலங்கிடுத்து, இன்னொரு பக்கமும் பிடிக்க ஆரம்பிச்சுடுத்து. நாளைக்குக் காலம்பறன்னு விட்டா இவர் இருக்கமாட்டார். சல்ஃபா மாத்திரை வேணும். அலமாரிச் சாவி உங்கட்டதானே இருக்கு?"

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அந்த அலமாரிக்கு ஒரு சட்டம் இருந்தது. சல்ஃபா மாத்திரை புதிதாக வந்த மருந்து. சண்டையால் கப்பலில் வருவது குறைந்துபோய், இருந்த கொஞ்சத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் ஒப்பில்லாமல் ஒரு மாத்திரை வெளியே வரக் கூடாது. வராந்தாவில் கிடக்கிறவனுக்கு அந்த ஒப்பு கிடைத்து நான் பார்த்ததில்லை. பணம் கட்டிப் படுக்கும் அறைகளில் ஒருவர் இருமினால் போதும், ஒப்பு தானாக நடந்து வரும். மருந்தில்லாத காலத்தில் நிமோனியா வந்தவன் ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தானாக வியர்த்துப் பிழைப்பான், இல்லாவிட்டால் போய்ச் சேருவான். நாங்கள் தலைமாட்டில் நின்று பார்ப்போம். அதில் யாருக்கும் பழி இல்லை. மருந்தை வைத்துக்கொண்டு, அதைப் பூட்டி, பூட்டுக்கு முன்னால் ஒருவனைச் சாக விடுவதற்கு என்ன பெயர்?

"பெரிய டாக்டர் ஒப்பு வேணுமே, டாக்டர்" என்றேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போனார். போகும்முன் தங்கையனைத் தலையணை அடுக்கி உட்கார்ந்த வாக்கில் சாய்த்து, ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்து, தண்ணீர்ப் பாட்டில் வழியாக மூக்கில் குழாய் வைத்துவிட்டுப் போனார். கால் மணிக்கு ஒருதரம் மூச்சை எண்ணுங்கள் என்று தன் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தவள், அன்றைக்குத்தான் ஒரு மனிதனின் மூச்சை முழு நிமிடம் எண்ணினேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஐம்பது. அடுத்த தடவை ஐம்பத்திரண்டு. தங்கையன் என்னைப் பார்த்து, "வயல் மடைய... அடைச்சியா... தண்ணி போவுது" என்றார். "அடைச்சாச்சு" என்று பாக்கியம் சொன்னாள். அவர் கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் சொன்னாள்.

சிவராமன் நனைந்து திரும்பி வந்தார். கையில் சீட்டு இல்லை. ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பியிருக்கிறார் பெரிய மனிதர். குடிகாரனுக்கு இருமல் வந்தால் அதற்கெல்லாம் ராத்திரியில் எழுப்பாதே, சார்ட்டில் மூச்சு இருபது என்று நீயே சொல்கிறாய், காலையில் பார்க்கலாம் என்று. கேட்டாயா மகனே? அந்தப் பிள்ளை மறைக்கத் தெரியாமல், சாயங்காலச் சார்ட்டில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். என் இருபது அவருக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறது.

"சிஸ்டர், நான் தொறக்கறேன். பொறுப்பு என்னது" என்றார்.

நான் தைரியமாகச் சாவியை நீட்டினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் செய்தது வேறு. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தேன். வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். நாளைக்கு யாராவது கேட்டால், நான் கொடுக்கவில்லை, மேசையில் இருந்தது, அவர் எடுத்தார் என்று சொல்வதற்காக. வேலை போனால் உன் படிப்பு என்னாகும் என்று அந்த நேரத்திலும் கணக்காக யோசித்தேன். பூட்டுத் திறந்த சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினேன்.

நான்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் அவ்வளவையும் வாந்தியெடுத்தார். அந்த மருந்து அப்படித்தான் குமட்டும். மறுபடி நான்கு, கொஞ்சம் கொஞ்சமாக, சோடா உப்புக் கலந்த தண்ணீரோடு. அது தங்கியது. பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் இரண்டு. அந்த மருந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படியும், ஆகையால் ஓயாமல் தண்ணீர் கொடுத்து, மூத்திரத்தை அளந்து, ரத்தம் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரத்தக் குழாயில் உப்புநீரை மெதுவாக ஏற்றினோம். விடியும்போது மூச்சு நாற்பத்தாறு. மறுநாள் ராத்திரி முப்பத்தாறு, சூடு நூறு. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, இது எந்த ஊர் என்று கேட்டார். பாக்கியம் அப்போதுதான் அழுதாள்.

அந்த மனிதர் பிழைத்தார். விசாரணை நடந்தது. பிழைத்ததற்காக ஒரு விசாரணை! பெரிய டாக்டரின் மேசையில் சார்ட் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். ஆறு மணிக்கு மூச்சு இருபது, சூடு தொண்ணூற்றொன்பது, வாசல் டாக்டர் குடிபோதை என்று எழுதியிருக்கிறார். கீழே இருக்கிற நாற்பத்தெட்டு நீயாக எழுதிக்கொண்டது. இதில் எங்கே கடுமையான நிமோனியா? லேசாக இருந்தது தானாகக் குணமானதற்கு, பூட்டியிருந்த மருந்தைக் கள்ளத்தனமாக எடுத்திருக்கிறாய். பிறகு என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இந்த இருபது நீ எண்ணி எழுதினதுதானே?"

சிவராமன் என்னை ஒரே ஒருதரம் பார்த்தார். நான் எண்ணவில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"ஆமா சார். எண்ணித்தான் எழுதினேன்" என்றேன். சாவியைப் பற்றிக் கேட்டார்கள். "மேசையில வெச்சிருந்தேன். எடுத்தது பாக்கல்ல" என்றேன்.

அடுத்த வாரம் சிவராமனைப் போனக்காட்டு மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு டிஸ்பென்சரிக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையும் மழையும், ஒரு கம்பவுண்டரும். நெஞ்சைத் தட்டியே நோயைக் கண்டுபிடித்த பிள்ளை, மேற்படிப்புக்குப் போக இருந்தவர். மருந்தைக் கள்ளத்தனமாக எடுத்தார் என்ற குறிப்பு அவர் பதிவேட்டில் ஏறியபிறகு யாரும் சிபாரிசு எழுதவில்லை. பெரிய டாக்டர் பட்டம் வாங்கி ஓய்வு பெற்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வார்டு சிஸ்டராக உயர்ந்தேன். நீ ஆறாம் பாரம் முடித்தாய், மதராஸுக்குப் போனாய்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நம் வீட்டுக்குச் செவ்வாழைக் குலை கொண்டுவருவாரே ஒருவர், நீ மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான் தங்கையன். "உங்கம்மா இல்லேண்ணா நான் மண்ணுக்குள்ள கெடப்பேன் மக்களே" என்று உன் தலையைத் தடவுவார். அவருக்கு நினைவு திரும்பியபோது தலைமாட்டில் நின்றவள் நான். அவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது சின்ன டாக்டர் மலைக்குப் போய்விட்டிருந்தார். பாக்கியத்துக்கு மட்டும் தெரியும். அவள் குலையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தவறாமல் ஒரு வார்த்தை கேட்பாள்: "அந்தச் சாமி எங்க இருக்காவ சிஸ்டரே?" தெரியாது என்பேன். எட்டு வருஷமாகத் தெரியாது என்கிறேன். நீ அந்தப் பழத்தை உரித்துத் தின்பாய்.

இப்போது தெரிகிறதா நான் ஏன் அடுப்படிக்குள் போனேன் என்று? நீ சிரித்துக்கொண்டு ஒப்புப் போடுகிற அந்த இருபதுக்குப் பின்னால் எங்கோ ஒரு பாக்கியம் கோழைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கேட்கமாட்டார்களா என்று உட்கார்ந்திருக்கிறாள். நேரமில்லை என்று சொல்லாதே. எண்பது பேர் என்று சொல்லாதே. எண்பது பேரையும் கால்மாட்டில் நின்று ஒருதரம் பார், மூக்கு விரிகிறவனிடம் உட்கார், அவனுக்கு ஒரு நிமிடம் கொடு. நர்ஸ் இருபது எழுதியிருந்தால் அவளைத் திட்டாதே. அவள் கண்ணெதிரில் எண்ணு. எனக்கு அப்படித்தான் உறைத்தது. உறைத்தும் நான் பொய் சொன்னேன் என்பது என் பாடு.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அந்த இருபது நான் எண்ணாமல் எழுதியது, சாவியை நான்தான் மேசைமேல் வைத்துக் கொடுத்தேன் என்று எழுதி, ஒப்புப் போட்டு, ஆஸ்பத்திரி ஆபீசில் கொடுத்துவிட்டேன். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, என்ன செய்வார்களோ செய்யட்டும். அதன் நகலை எடுத்துக்கொண்டு இந்தச் சனிக்கிழமை போனக்காட்டுக்குப் போகிறேன். பஸ் போகிற மட்டும் பஸ், அதற்குமேல் நடை. அவர் அங்கேதான் இருக்கிறார். எனக்கு எப்போதும் தெரியும்.

அவருடைய கடிகாரத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி எண்ணுவதற்கென்று கொடுத்தது. விசாரணைக்குப் பிறகு முகம் பார்க்க முடியாமல் நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. தினமும் சாவி கொடுத்து ஓட விட்டுத்தான் வைத்திருந்தேன். பள்ளிக்கூட நாளில் அது யாருடையது என்று நீ கேட்டபோது அப்பாவுடையது என்றேனே, அதுவும் பொய்தான். உனக்குக் கொடுப்பேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். அது உன்னுடையது இல்லை. உன் சம்பளத்தில் ஒன்று வாங்கிக்கொள், நொடிமுள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா